அப்ரூவலில் அனுப்பிய புடவை எப்போது விற்பனை ஆகிறது? மார்ச் 31-க்குள் செய்ய வேண்டியவை

காஞ்சிபுரத்தில் தறிக்காரர்களிடம் பட்டுப் புடவை எடுத்து வெளியூர் பொட்டிக்குகளுக்கு அனுப்புகிற சின்ன மொத்த வியாபாரம் எனக்கு. பொட்டிக்காரர்கள் யாரும் மொத்தமாகக் காசு கொடுத்து எடுப்பதில்லை, "அப்ரூவல்ல அனுப்புங்க, போறத வச்சுக்கிறேன், மீதிய திருப்பி அனுப்பறேன்" என்பதுதான் வழக்கம். முதல் வருடம் எனக்கு ஒன்றும் தெரியாததால் பார்சல் கட்டும்போதே விற்பனை பில் போட்டு அனுப்பிவிட்டேன். திரும்பி வந்ததற்கெல்லாம் கிரெடிட் நோட். ஏப்ரலில் ஆடிட்டர் கணக்கைப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மார்ச் 31 அன்றைக்கு இதில் எத்தனை புடவை உண்மையிலேயே விற்றிருந்தது?" எனக்குப் பதில் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்க வாட்ஸ்அப் செய்திகளையும் லாரி ரசீதுகளையும் வைத்துக்கொண்டு இரண்டு வாரம் உட்கார்ந்தேன்.

நீங்கள் அப்படி உட்கார வேண்டாம் என்றுதான் இது. அனுப்புபவர், வாங்குபவர் இருவரும் ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள், இருவரும் தமிழ்நாட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள், காம்போசிஷன் திட்டத்தில் இல்லை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. அனுப்பும் முன்பே கடைசித் தேதியைப் பேசி முடியுங்கள்

மற்ற எல்லாமே இந்தத் தேதியில்தான் தொங்குகிறது. 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 24-வது பிரிவு, அப்ரூவலில் போன சரக்கு எப்போது வாங்கியவருடையதாகிறது என்று சொல்கிறது. அவர் "எடுத்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் ஆகிவிடும். சொல்லாமலே, அது தன்னுடையது என்பதுபோல் எதையாவது செய்தாலும் ஆகிவிடும். இரண்டும் இல்லாமல், வேண்டாம் என்றும் சொல்லாமல், பேசிய தேதி தாண்டியும் வைத்திருந்தால் அப்போதும் ஆகிவிடும். தேதியே பேசவில்லை என்றால் "நியாயமான காலம்" தாண்டினால் ஆகும் என்கிறது சட்டம். அந்த நியாயமான காலம் எவ்வளவு என்பதில்தான் சண்டை வரும், உங்களுக்கு ஒரு மாதம், அவருக்கு அடுத்த தீபாவளி.

அதனால் "30 நாள்" என்றுகூட எழுதாதீர்கள். அனுப்பிய நாளிலிருந்தா, பார்சல் கைக்கு வந்த நாளிலிருந்தா என்று அதிலும் ஒரு வாக்குவாதம் உண்டு. நேராகத் தேதியைப் போடுங்கள். பார்சலோடு போகும் சலானின் அடியில் நான் அச்சடித்திருப்பது இது:

"இதிலுள்ள சரக்கு அப்ரூவலுக்காக மட்டும். ____ தேதிக்குள் வேண்டாம் என்று எழுத்தில் தெரிவிக்காதவை விற்பனையாகக் கருதப்பட்டு பில் போடப்படும். டேக் அறுத்த, ஃபால்ஸ் தைத்த புடவை திரும்ப எடுக்கப்படாது. திருப்பி அனுப்பும் பார்சல் செலவு வாங்குபவருடையது."

ஃபால்ஸ் வரி எப்படி வந்தது என்றால், ஒரு பொட்டிக்கில் என் புடவை ஒன்றுக்கு ஃபால்ஸ் தைத்து ஓரமும் அடித்துவிட்டு, அவர்களுடைய வாடிக்கையாளர் மனம் மாறிவிட்டார் என்று எனக்கே திருப்பி அனுப்பினார்கள். ஃபால்ஸைப் பிரித்துத்தான் அனுப்பியிருந்தார்கள், ஆனால் பட்டில் ஊசித் துளை வரிசையாகத் தெரிந்தது. ஃபால்ஸ் தைப்பது "தன்னுடையது என்பதுபோல் செய்வது" இல்லாமல் வேறென்ன? ஆனால் சலானில் எழுதியிருக்காததால் வாயை மூடிக்கொண்டு எடுத்துக்கொண்டேன்.

2. பில் போடாதீர்கள், டெலிவரி சலான் போடுங்கள்

பில் போட்டால் அது விற்பனை. அந்த மாதமே ஜிஎஸ்டி கட்ட வேண்டும், கணக்கிலும் விற்பனையாக ஏறும். அப்ரூவலுக்கு ஜிஎஸ்டி விதி 55-ன் கீழ் டெலிவரி சலான் போதும். மூன்று பிரதி வேண்டும்: முதல் பிரதி வாங்குபவருக்கு, இரண்டாவது வண்டிக்காரருக்கு, மூன்றாவது உங்களுக்கு.

சலானில் தொடர் எண், தேதி, இரண்டு பேரின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண், சரக்கின் விவரமும் ஹெச்எஸ்என் எண்ணும் (பட்டுத் துணிக்கு 5007), எண்ணிக்கை, மதிப்பு, உங்கள் கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். சலானுக்குத் தனி வரிசை எண் வையுங்கள், பில் எண்ணோடு கலக்காதீர்கள்.

சட்டம் கேட்காத, ஆனால் நான் விடாத ஒன்று: ஒவ்வொரு புடவைக்கும் தனி டேக் எண். "பட்டுப் புடவை 12" என்று மட்டும் எழுதினால் ஏழு திரும்பி வரும்போது எந்த ஏழு என்று தெரியாது. அரக்கு பார்டர் 8,200 ரூபாய் புடவைக்குப் பதில் 6,900 ரூபாய் புடவை வந்து சேர்ந்திருக்கும், எண்ணிக்கை மட்டும் சரியாக இருக்கும்.

மாதாந்திர ஜிஎஸ்டிஆர்-1 போடும்போது 13-வது அட்டவணையில் `Delivery Challan for supply on approval` என்று தனி வரியே இருக்கிறது. அந்த மாதம் போட்ட சலான்களின் முதல் எண், கடைசி எண், ரத்தானவை எத்தனை என்பதை அங்கே காட்ட வேண்டும். பலர் இந்த வரியைப் பார்ப்பதே இல்லை.

3. இ-வே பில்

சரக்கு நகரும் முன் ஜிஎஸ்டி இ-வே பில் போர்ட்டலில் எடுக்க வேண்டிய மின்னணுச் சீட்டு இது. பார்சலின் மதிப்பு தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல், வெளி மாநிலம் என்றால் 50,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் வேண்டும். இது விற்பனையே இல்லையே, எதற்கு இ-வே பில் என்று கேட்காதீர்கள், விற்பனை அல்லாத காரணத்துக்காகச் சரக்கு நகர்ந்தாலும் இது உண்டு. போர்ட்டலில் `Outward` தேர்ந்தெடுத்து, துணை வகையில் `Others` போட்டு "அப்ரூவல்" என்று விளக்கம் எழுதி, ஆவண வகையில் `Delivery Challan` கொடுங்கள். செலவு எதுவும் இல்லை. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் காலம் கிடைக்கும்.

ஒரு லட்சத்தை ஒட்டி வரும் பார்சலுக்கு நான் எப்போதும் போட்டுவிடுவேன். 7,500 ரூபாய் புடவை 13 என்றால் 97,500, எல்லைக்குள்தான். ஆனால் சலானில் 5% வரியையும் காட்டியிருந்தால் 1,02,375 ஆகிவிடும், எல்லைக்கான மதிப்பில் அந்த வரியும் சேரும். திரும்பி வரும் பார்சலுக்கும் இதே எல்லைதான், அதற்கான சலானும் இ-வே பில்லும் அனுப்புகிற பொட்டிக்காரர் போட வேண்டும்.

4. கணக்கில் புடவை உங்கள் சரக்காகவே இருக்கட்டும்

டேலி வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு பொட்டிக்கின் பெயரிலும் ஒரு கோடவுன் திறந்துகொள்ளுங்கள். பார்சல் போகும்போது ஸ்டாக் ஜர்னலில் உங்கள் கடையிலிருந்து அந்தக் கோடவுனுக்கு மாற்றுங்கள், அவ்வளவுதான். விற்பனை இல்லை, கடன் பாக்கி இல்லை, சரக்கு மட்டும் இடம் மாறியிருக்கிறது. விற்றதும் அந்தக் கோடவுனிலிருந்து பில் போடுவீர்கள், திரும்பி வந்ததை மறுபடி கடைக்கு மாற்றுவீர்கள்.

டேலி இல்லாவிட்டால் ஒரு நீள நோட்டு போதும். சலான் எண், அனுப்பிய தேதி, கடைசித் தேதி, டேக் எண், அடக்க விலை, அப்ரூவல் விலை, அப்புறம் "என்ன ஆச்சு, எந்தத் தேதியில்" என்ற கட்டம். இந்தக் கடைசிக் கட்டம் காலியாக இருக்கிற வரிகள்தான் மாதக் கடைசியில் நீங்கள் பார்க்க வேண்டியவை.

5. மாதக் கடைசியில் அரை மணி நேரம்

இதை மார்ச்சுக்கு மட்டும் வைத்துக்கொண்டால் மாட்டுவீர்கள், ஏனென்றால் ஜிஎஸ்டி மாதாமாதம். காலியாக உள்ள ஒவ்வொரு வரிக்கும் இரண்டு கேள்வி கேளுங்கள். பொட்டிக்காரர் அதை விற்றுவிட்டாரா, அல்லது எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாரா? இல்லையென்றால், கடைசித் தேதி தாண்டிவிட்டதா? இரண்டில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் அது விற்பனை, அந்த மாதத்துக்குள்ளேயே பில் போட வேண்டும்.

இங்கே எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று. வேண்டாம் என்று *தெரிவிப்பதுதான்* சட்டத்துக்கு முக்கியம், புடவை உங்கள் கைக்கு வந்து சேருவது அல்ல. கடைசித் தேதிக்கு முந்தின நாள் "இந்த ரெண்டும் வேண்டாம்" என்று வாட்ஸ்அப் அனுப்பிவிட்டு, பத்து நாள் கழித்துப் பார்சல் போட்டால் அந்த இரண்டும் விற்பனை ஆகவில்லை, அது முழுக்க உங்கள் சரக்குதான். மாறாக, தேதி தாண்டி ஒரு வாரம் கழித்து முன்னறிவிப்பே இல்லாமல் பார்சல் வந்தால் அது விற்று முடிந்த சரக்கு. எடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம், எடுத்தால் விற்பனை திரும்பியதாகத்தான் கணக்கு. வியாபார உறவுக்காக நான் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறேன், ஆனால் முதலில் பில், பிறகு கிரெடிட் நோட் என்ற வரிசையை மாற்றுவதில்லை.

போனில் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். "அண்ணே, டேக் நம்பரோட ஒரு மெசேஜ் போட்டுடுங்க" என்று கேளுங்கள். அந்தச் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சலானோடு வையுங்கள், ஆடிட்டர் கேட்கிற காகிதம் அதுதான்.

6. மார்ச் 31: ஒரு கணக்கை முழுசாகப் பார்ப்போம்

மதுரையில் உள்ள ஒரு பொட்டிக்குக்கு இரண்டு சலான் போயிருக்கிறது என்று வையுங்கள். எளிமைக்காக எல்லாப் புடவைக்கும் வரி நீங்கலாக அடக்கம் 6,000, அப்ரூவல் விலை 7,500.

முதல் சலான் ஜனவரி 10, புடவை 12, கடைசித் தேதி பிப்ரவரி 9. பிப்ரவரி 6 அன்று ஏழு திரும்பி வந்தது. மீதி ஐந்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. பிப்ரவரி 9 தாண்டியதும் அந்த ஐந்தும் விற்பனை. 37,500 ரூபாய், 5% ஜிஎஸ்டி 1,875, மொத்தம் 39,375-க்கு பிப்ரவரியிலேயே பில்.

இரண்டாவது சலான் மார்ச் 12, புடவை 10, கடைசித் தேதி ஏப்ரல் 11. மார்ச் 26 அன்று மூன்று விற்றுவிட்டதாகச் செய்தி வந்தது, அன்றே 22,500-க்கும் அதன் மேல் 1,125 வரிக்கும் பில். மார்ச் 29 அன்று இரண்டு வேண்டாம் என்று செய்தி, ஆனால் புடவை இன்னும் மதுரையில்தான். மீதி ஐந்து பற்றி முடிவு இல்லை, தேதியும் தாண்டவில்லை.

ஆக மார்ச் 31 அன்று விற்பனை 5-ம் 3-ம் சேர்ந்து எட்டுப் புடவை, 60,000 ரூபாய். மதுரையில் இருக்கிற ஏழு புடவை (வேண்டாமென்ற இரண்டு, முடிவாகாத ஐந்து) உங்கள் கையிருப்பு. அதை அடக்க விலையில் எடுக்க வேண்டும்: 42,000. கடையில் உள்ள சரக்கை மட்டும் எண்ணி எழுதினால் இந்த 42,000 விட்டுப்போகும். ஜரிகை கறுத்தோ கறை பட்டோ அடக்கத்துக்குக் கீழே போகக்கூடிய புடவை இருந்தால் அதை மட்டும் விற்கக்கூடிய விலைக்குக் குறைத்துப் போடுங்கள்.

இப்போது நான் முதல் வருடம் செய்ததைப் பாருங்கள். 22 புடவைக்கும் அனுப்பும்போதே பில், திரும்பிய ஏழுக்கு கிரெடிட் நோட். கணக்கில் விற்பனை 15 புடவை, 1,12,500. உண்மையைவிட 52,500 அதிகம், கையிருப்பு 42,000 குறைவு, இல்லாத லாபம் 10,500. ஒரு பொட்டிக்குக்கே இப்படி என்றால் பத்துப் பன்னிரண்டு பொட்டிக்குக்கு எவ்வளவு வரும் என்று பார்த்துக்கொள்ளுங்கள், அத்தனைக்கும் வருமான வரி வேறு.

ஏற்கெனவே அப்படிப் பில் போட்டு மாட்டிக்கொண்டவர்கள், வருடக் கடைசியில் இரண்டு பதிவு போட வேண்டும்:

- விற்பனைக் கணக்கு பற்று 52,500, பொட்டிக் கணக்கு வரவு 52,500 (இது விற்ற விலையில்)
- வாடிக்கையாளரிடம் உள்ள சரக்கு பற்று 42,000, வியாபாரக் கணக்கு வரவு 42,000 (இது அடக்க விலையில்)

இரண்டையும் ஒரே விலையில் போடுவதுதான் புதிதாகச் செய்பவர்கள் பண்ணுகிற தப்பு. கையிருப்பையும் 7,500-க்குப் போட்டால் விற்காத புடவையில் லாபம் ஏறிவிடும். பில்லோடு போன ஜிஎஸ்டி 2,625 ஏற்கெனவே ரிட்டர்னில் போயிருக்கும், அதைப் புடவை திரும்பி வந்தபிறகு கிரெடிட் நோட் போட்டுத்தான் எடுக்க முடியும். அப்படி எடுக்கவும் கெடு உண்டு, பில் போட்ட நிதியாண்டு முடிந்து வருகிற நவம்பர் 30.

7. பேசிய தேதியைத் தாண்டி நீட்டிக் கொடுத்தால்: ஆறு மாதக் கெடு

"இன்னும் ஒரு மாசம் வச்சுக்கட்டுமா" என்று கேட்பார்கள். கொடுக்கலாம், ஆனால் பழைய தேதி தாண்டுவதற்கு முன் எழுத்தில் கொடுங்கள். எத்தனை முறை நீட்டினாலும் ஜிஎஸ்டிக்கு ஒரு சுவர் இருக்கிறது. சட்டத்தின் 31(7) பிரிவுப்படி, சரக்கு உங்கள் கடையை விட்டுப் போன நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விற்பனை உறுதியாகாவிட்டாலும் பில் போட்டே ஆக வேண்டும். ஜனவரி 10 சலான் என்றால் ஜூலை 10. பொட்டிக்காரர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்பதெல்லாம் அங்கே செல்லாது.

"வித்தா காசு, இல்லன்னா சரக்கு" என்று தேதியே இல்லாமல் கொடுத்து வைத்திருப்பவர்களை இந்தச் சுவர்தான் இடிக்கும். எனக்கும் ஒரு பார்சல் அப்படி எட்டாவது மாதம்வரை கிடந்தது. ஆறு மாதம் நெருங்கும் புடவையை நான் ஐந்தாவது மாதமே திரும்ப வரவழைத்துவிடுகிறேன், வேண்டுமென்றால் புதுச் சலானில் மறுபடி போகட்டும். புடவை நிஜமாகவே கடைக்கு வந்துதான் போக வேண்டும், காகிதத்தில் மட்டும் சலானை மாற்றிப் போட்டு ஏமாற்றலாம் என்று நினைக்காதீர்கள்.

தாமதமானால் வட்டி ஆண்டுக்கு 18%. மேலே சொன்ன 1,875 ரூபாயைப் பிப்ரவரி ரிட்டர்னில் விட்டுவிட்டு மார்ச் 20-க்குப் பதில் ஏப்ரல் 20 அன்று கட்டினால் வட்டி 29 ரூபாய்கூட வராது. அதனால் பலர் கண்டுகொள்வதில்லை. ஆனால் அந்தப் பில்லை ஏப்ரல் தேதியில் போட்டீர்கள் என்றால் 37,500 ரூபாய் விற்பனை அடுத்த நிதியாண்டுக்குப் போய்விடுகிறது, அந்தப் புடவையோ இந்த ஆண்டுக் கையிருப்பிலும் இல்லை, விற்பனையிலும் இல்லை. ஆடிட்டர் பிடிப்பது அதைத்தான்.

8. மார்ச் 20-க்குள் அனுப்ப வேண்டிய செய்தி

ஒவ்வொரு பொட்டிக்குக்கும் சலான் வாரியாக, டேக் எண் வாரியாகப் பட்டியல் போட்டு இதை அனுப்புங்கள்:

"வணக்கம். கீழே உள்ள புடவைகள் எங்கள் அப்ரூவலில் உங்களிடம் உள்ளன. மார்ச் 31 மாலை நிலவரப்படி விற்றவை, வேண்டாதவை, இன்னும் பார்வையில் உள்ளவை எவை என்று டேக் எண்ணுக்கு எதிரே குறித்து, கடை முத்திரையுடன் ஏப்ரல் 2-க்குள் அனுப்பவும். கடைசித் தேதி முடிந்தவற்றுக்கு மார்ச் 31-க்குள் பில் வந்துவிடும்."

பில் வரும் என்று தெரிந்ததும் பாதிப் பேர் அவசர அவசரமாக அலமாரியைத் திறந்து பார்ப்பார்கள், அதுவரை "எல்லாம் பத்திரமா இருக்கு" என்றவர்கள்தான். வரும் பதிலில் மார்ச் மாதத்துத் தேதியோடு "வேண்டாம்" என்று இருந்தாலும், அந்தப் புடவையின் கடைசித் தேதி பிப்ரவரியிலேயே முடிந்திருந்தால் பில்லை நிறுத்தாதீர்கள். ஏப்ரலில் வந்து சேரும் பார்சலைப் பிரிக்கும்போது சலானைக் கையில் வைத்துக்கொண்டு டேக் எண்ணைச் சரிபாருங்கள், முந்தானையை விரித்துப் பாருங்கள், உள் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்து ஊசித் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். பார்சல் கொண்டுவந்த பையன் நிற்கும்போதே வீடியோ எடுத்துவிடுவது நல்லது.